நிலா, நாள், தேதி, பவர் ரிசர்வ் உள்ள ஆட்டோமேட்டிக் வாட்ச் நின்றுபோனால் எந்த வரிசையில் சரிசெய்வது?

மீனா_மதுரை | 21 மே 2025, மாலை 6:50

எல்லோருக்கும் வணக்கம். துபாயில் இருக்கும் அண்ணன் தான் கட்டிக்கொண்டிருந்த ஸ்விஸ் ஆட்டோமேட்டிக் வாட்ச் ஒன்றை எனக்குக் கொடுத்துவிட்டார். பெட்டியும் இல்லை, மேனுவலும் இல்லை. ஒரு சின்னப் பிளாஸ்டிக் குச்சி மட்டும் கூட வந்தது. உள்ளே ஈடிஏ 2892 மெஷின், அதன் மேல் ஒரு காலண்டர் மாட்யூல் ஏற்றியிருக்கிறார்கள் என்று இங்கே கடைக்காரர் பின்கண்ணாடி வழியாகப் பார்த்துச் சொன்னார்.

டயலில் 6 மணிப் பக்கம் நிலா. 9 பக்கம் நாள், 3 பக்கம் தேதி, இரண்டுக்கும் குட்டி முள். 12-க்குக் கீழே 0 முதல் 40 வரை கோடு போட்ட பவர் ரிசர்வ். வாட்சின் விளிம்பில் மூன்று இடத்தில் குழிந்த பொத்தான்கள் இருக்கின்றன, குச்சி அதற்குத்தான் என்று நினைக்கிறேன்.

பல மாதமாக நின்று கிடக்கிறது. இப்போது எல்லாமே தப்பாகக் காட்டுகிறது. எதை முதலில் சரிசெய்ய வேண்டும், எந்த நேரத்தில் பொத்தானைத் தொடக்கூடாது, நிலாவை எதைப் பார்த்து வைப்பது? இன்னொன்று, எவ்வளவு சாவி கொடுத்தாலும் பவர் ரிசர்வ் முள் 20-ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது. அதையும் ஏதாவது பொத்தான் வைத்துத் திருத்த முடியுமா?

---

ராத்திரி12 | இரவு 7:05

ரொம்ப யோசிக்காதீங்க சகோ. எந்த வாட்சாக இருந்தாலும் இரவு 9 மணியிலிருந்து அதிகாலை 3 மணி வரை தேதியைத் தொடக்கூடாது, மற்ற நேரமெல்லாம் தாராளமாக மாற்றலாம். நிலா தனி விஷயம், அதை எப்போது வேண்டுமானாலும் அழுத்தலாம். நான் போன தைப்பூசத்தன்று முழு நிலா வைத்தேன், இன்று வரை ஓடிக்கொண்டிருக்கிறது.

முக்கியமாக, முள்ளைப் பின்னோக்கித் திருப்பாதீங்க. திருப்பினால் மெஷின் போச்சு.

---

ஒத்தைக்கண்_லூப் | இரவு 7:40

தம்பி சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதியை நம்பி மீனா பொத்தானை அழுத்தினால் செலவு அவருக்குத்தான், அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

தேதி எப்படி மாறுகிறது என்று தெரிந்தால் நேரக் கணக்கு தானாகப் புரிந்துவிடும். 24 மணி நேரத்துக்கு ஒரு சுற்று சுற்றும் சக்கரம் ஒன்று இருக்கிறது. அதில் ஒரு விரல் நீட்டிக்கொண்டிருக்கும். நடுராத்திரி வாக்கில் அந்த விரல் தேதிச் சக்கரத்தின் பல்லைத் தொட்டு, மெல்லத் தள்ளி, ஒரு பல் நகர்ந்ததும் விலகிப் போகும். விரல் பல்லுக்குள் இருக்கும் நேரத்தில் நீங்கள் பக்கத்துப் பொத்தானை அழுத்தினால், அதே சக்கரத்தை வேறொரு நெம்புகோல் இன்னொரு பக்கத்திலிருந்து தள்ளுகிறது. இரண்டு பேரும் ஒரே கதவை எதிரெதிராகத் தள்ளுகிற கதைதான். விட்டுக்கொடுப்பது எப்போதும் மெல்லிய உறுப்பு: விரல் வளையும், இல்லாவிட்டால் பல்லின் நுனி போகும்.

இந்த ஆபத்து நேரம் எல்லா மெஷினுக்கும் ஒன்று கிடையாது. சாதாரண சீக்கோ நாள்-தேதி மெஷினுக்கே 9 முதல் 4 வரை என்று கணக்கு வைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் தேதி மாறிய பிறகும் நாள் வளையம் நகர்ந்துகொண்டிருக்கும். மீனாவின் வாட்சில் தேதி, நாள், நிலா என்று மூன்று. மூன்றையும் ஒரே நொடியில் தள்ளினால் மெஷினுக்குச் சுமை அதிகம் என்பதால், வடிவமைப்பவர்கள் பெரும்பாலும் அவற்றை முன்னே பின்னே பிரித்து வைப்பார்கள். நிலாவைத் தள்ளுவதும் அதே மாதிரி ஒரு விரல்தான். அதற்கும் தனியாக ஒரு ஆபத்து நேரம் உண்டு. எப்போது வேண்டுமானாலும் அழுத்தலாம் என்பது சரியில்லை.

முள்ளைப் பின்னால் திருப்புவது பற்றி: பகல் நேரத்தில் ஐந்து நிமிடம் பின்னால் போனால் இந்தக் காலத்து மெஷின் எதுவும் உடையாது. ஆனால் 12-ஐத் தாண்டிப் பின்னால் போவதும், ஆபத்து நேரத்துக்குள் பின்னால் போவதும் வேறு கதை. விரலைத் தலைகீழாகப் பல்லில் மோத விடுகிறீர்கள். பின்னால் போனாலும் தாங்கும்படி விரலைச் சரிவாகச் செய்த மெஷின்கள் இருக்கின்றன. உங்களுடையது அந்த ரகமா என்று மேனுவல் இல்லாமல் சொல்ல முடியாது. முன்னோக்கி மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

---

சூரிய_சந்திர_ரசிகன் | இரவு 7:58

எனக்கும் இதே பிரச்சினைதான், ஒரே இழையில் கேட்டுவிடுகிறேன். என்னிடம் ஓரியண்ட் சன் அண்ட் மூன் இருக்கிறது. நிலாவை இன்றைய பிறைக்குக் கொண்டுவரப் பொத்தானே காணோம். முள்ளைத் திருப்பினால்தான் நிலா நகர்கிறது, அதுவும் ஒரே நாளில் மறைந்து சூரியன் வந்துவிடுகிறது. பல் ஏதாவது தேய்ந்துவிட்டதா?

---

ஒத்தைக்கண்_லூப் | இரவு 8:04

ஒன்றும் தேயவில்லை தம்பி. அது பிறை காட்டும் வாட்சே இல்லை. 24 மணி நேரத்துக்கு ஒரு சுற்று சுற்றி, பகலில் சூரியனையும் இரவில் சந்திரனையும் காட்டும் தட்டு. காலையா மாலையா என்று தெரிந்துகொள்ள மட்டும்தான் அது. பகல் 12 மணிக்கு நிலா காட்டினால் முள்ளை முன்னோக்கி 12 மணி நேரம் திருப்பிவிடுங்கள், முடிந்தது.

---

சூரிய_சந்திர_ரசிகன் | இரவு 8:06

அடக் கடவுளே. வாங்கும்போது அந்த வீடியோக்காரர் மூன்ஃபேஸ் என்றுதானே சொன்னார்!

---

கும்பகோணம்_வெற்றிலை | இரவு 8:20

நிலா எதைப் பார்த்து வைப்பது என்ற கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். வீட்டில் தொங்கும் தினசரி காலண்டர் போதும். ஆனால் ராத்திரி12 தம்பி மாதிரி தைப்பூசத்தைப் பௌர்ணமி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தைப்பூசம் நட்சத்திரத்தை வைத்து வருவது. இந்த வருஷம் பிப்ரவரி 11 தைப்பூசம், முழு நிலா ஆனது 12-ம் தேதி மாலை. மாசி மகமும் அப்படித்தான், மார்ச் 12 மகம், பௌர்ணமி 14. ஒன்றிரண்டு நாள் பிசகிவிடும்.

காலண்டரில் திதிக்குப் பக்கத்தில் "வரை" என்று ஒரு நேரம் போட்டிருப்பார்கள் பாருங்கள். பௌர்ணமித் திதி முடிகிற அந்த நேரம்தான் சந்திரன் சூரியனுக்கு நேர் எதிரே 180 பாகையில் நிற்கும் தருணம். அதாவது உண்மையான முழு நிலா. திதி தொடங்கும் நாளை எடுத்தால் ஒரு நாள் முந்திவிடும். சித்ரா பௌர்ணமி இந்த மாதம் 12-ம் தேதி திங்கட்கிழமை, இரவு சுமார் 10:25 வரை. ஆகவே 12 என்று எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொரு வசதியும் இருக்கிறது. இன்று தேய்பிறை நவமி. நவமி என்றால் ஒன்பது. முழு நிலாவுக்குப் பிறகு ஒன்பது தடவை அழுத்தினால் போதும், விரல்விட்டு எண்ண வேண்டியதில்லை.

---

ராத்திரி12 | இரவு 8:26

வாக்கியமா திருக்கணிதமா ஐயா? எங்கள் வீட்டில் வாக்கியம். நேரம் மாறுமே?

---

கும்பகோணம்_வெற்றிலை | இரவு 8:31

நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும். வானத்தில் இருக்கும் நிலாவுக்குத் திருக்கணிதம்தான் பக்கத்தில் வரும். ஆனால் இரண்டுக்கும் வித்தியாசம் மணிக்கணக்கில்தான், அந்தத் தட்டு நகர்வதோ நாளுக்கு ஒரு பல். இதற்காக வீட்டில் சண்டை வேண்டாம்.

திதியை வைத்து எண்ணுவதிலும் ஒரு சின்ன ஓட்டை உண்டு. திதி சராசரியாக ஒரு நாளைவிடக் கொஞ்சம் குறைவு. சில சமயம் ஒரு திதி விழுங்கப்பட்டும் போகும். சந்தேகம் வந்தால் பௌர்ணமித் தேதியிலிருந்து நாளை எண்ணுங்கள், அதுதான் திட்டமான கணக்கு.

---

ஒத்தைக்கண்_லூப் | இரவு 8:45

ஐயா பாதி வேலையை முடித்துவிட்டார். மீனா, இப்போது வாட்சைக் கையில் எடுங்கள். இன்று புதன், மே 21. அதையே வைத்துச் செய்வோம்.

முதலில் கையால் சாவி கொடுங்கள், இருபது முப்பது சுற்று. ஓட ஆரம்பிக்கட்டும். ஸ்பிரிங் தளர்ந்து கிடக்கும்போது காலண்டரை நகர்த்தினால் எதுவும் உடையாது, ஆனால் மெஷின் சரியாக ஓடுகிறதா என்று பிறகு பார்க்க முடியாது.

அடுத்து கிரவுனைக் கடைசி நிலைக்கு இழுத்து முள்ளை மெதுவாக முன்னோக்கிச் சுற்றுங்கள். நடுவில் இன்னொரு நிலை தட்டுப்படலாம். சில மாட்யூல்களில் அது காலியாக இருக்கும், சிலவற்றில் தேதியை நகர்த்தும். இப்போது அதில் சுழற்றிப் பார்க்க வேண்டாம், ஏனென்றால் உங்கள் வாட்ச் இந்த நொடி இரவில் நிற்கிறதா பகலில் நிற்கிறதா என்று நமக்கு இன்னும் தெரியாது.

சுற்றும்போது மூன்று காட்சிகளையும் கவனியுங்கள். தேதி முள் எந்த நேரத்தில் அசைய ஆரம்பிக்கிறது, நாள் முள் எப்போது, நிலா எப்போது, கடைசியாக எது நகர்ந்து முடிகிறது என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மேனுவல் இல்லாத வாட்சுக்கு இந்தத் தாள்தான் மேனுவல். கண்ணுக்கு அசைவு தெரிவதற்கு முன்பே விரல் பல்லைத் தொட்டிருக்கும். அதனால் முதல் அசைவுக்கு முன்னால் இரண்டு மணி நேரம், கடைசி அசைவுக்குப் பின்னால் இரண்டு மணி நேரம் சேர்த்துக்கொண்டால் அதுதான் உங்கள் வாட்சின் ஆபத்து நேரம்.

தேதி மாறியது என்றால் நடுராத்திரி தாண்டிவிட்டது. அங்கிருந்து இன்னும் முன்னோக்கிப் போய்க் காலை 9 மணியில் நிறுத்தி கிரவுனை உள்ளே தள்ளுங்கள். முள் 6-ல் இருக்கட்டும் என்று பலர் சொல்வார்கள். சாதாரண நாள்-தேதிக்கு அது போதும். நிலாவும் சேர்ந்த மாட்யூலுக்கு 9 எனக்கு நிம்மதி. ஒருவேளை உங்கள் தாளில் ஏதாவது ஒன்று காலை நேரத்தில் நகர்வதாகத் தெரிந்தால், அதிலிருந்து விலகி வேறு நேரத்தைத் தேர்ந்தெடுங்கள்.

இப்போது பொத்தான்கள். அந்தப் பிளாஸ்டிக் குச்சியே போதும், இல்லாவிட்டால் மரப் பல்குச்சி. ஊக்கு, ஊசி, பேனா முனை எதுவும் வேண்டாம், வழுக்கினால் கேஸில் கீறல் விழும். நேராக வைத்து, "டிக்" என்று உணரும் வரை முழுசாக அழுத்தி, முழுசாக விடுங்கள். அரைகுறையாக அழுத்தினால் முள் இரண்டு கோட்டுக்கு நடுவில் தொங்கும். அப்படி ஆனால் பதறாமல் இன்னொரு தடவை முழுசாக அழுத்துங்கள்.

மூன்றையும் இன்றைக்கு வைக்காதீர்கள், நேற்றைக்கு வையுங்கள். தேதி 20, நாள் செவ்வாய். நிலாப் பொத்தானை, முழு வட்டம் ஜன்னலின் நட்டநடுவில் வரும் வரை அழுத்துங்கள். இப்போது எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து முப்பது தடவை வரைகூட ஆகலாம். நடுவில் வந்ததும் அது 12-ம் தேதி. அங்கிருந்து எட்டு அழுத்தம், 20-ம் தேதி ஆகிவிடும்.

பிறகு கிரவுனை இழுத்து முள்ளை முன்னோக்கிச் சுற்றி நடுராத்திரியைத் தாண்டுங்கள். தேதி 21 ஆக வேண்டும், நாள் புதன் ஆக வேண்டும், நிலா ஒரு பல் நகர வேண்டும். அப்படியே சுற்றிக்கொண்டு பகல் 12-ஐயும் தாண்டி இப்போதைய இரவு நேரத்துக்கு வாருங்கள். நேற்றைக்கு வைக்கச் சொன்னதற்குக் காரணம் இதுதான்: பொத்தான் வழியாக வேலை செய்வது ஒரு பாதை, நடுராத்திரியில் தானாக மாறுவது வேறு பாதை. இரண்டும் வேலை செய்கிறதா என்று ஒரே சுற்றில் தெரிந்துவிடும்.

பொத்தானுக்கு நகர்ந்து, நடுராத்திரிக்கு நகரவில்லை என்றால் விரல் போயிருக்கிறது. அண்ணன் எப்போதோ இரவில் அழுத்தியிருப்பார். நடுராத்திரிக்கு நகர்ந்து, பொத்தானுக்கு நகரவில்லை என்றால் பொத்தானின் நெம்புகோலில் கோளாறு, அல்லது குழியில் வெறும் அழுக்கு. பகல் 12-க்குத் தேதி மாறினால் எதுவும் கெடவில்லை, நேரத்தை 12 மணி நேரம் தப்பாக வைத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

---

மீனா_மதுரை | இரவு 10:20

சார், ரொம்ப நன்றி. செய்து முடித்தேன். தேதி 11:35 வாக்கில் அசைய ஆரம்பித்து 12:10-க்குள் முடிந்தது. நாள் முள் 1 மணிக்கு மேல் மெதுவாக நகர்ந்து இரண்டரைக்கு முடிந்தது. நிலா கிட்டத்தட்ட 3 மணிக்கு ஒரு தாவல். இப்போது மூன்றும் சரியாக இருக்கிறது.

ஒரே ஒரு சந்தேகம். முந்தாநாள் இரவு பார்த்த நிலா ஏறக்குறைய அரை வட்டமாக, வெட்டிய மாதிரி நேர்க்கோடாக இருந்தது. வாட்சில் ஒன்பது நாள் தள்ளியும் நிலாவின் வலது பக்கத்தை யாரோ கடித்துவிட்ட மாதிரி இருக்கிறது. அரை நிலாவே வரவில்லை. எண்ணியதில் தப்பு செய்துவிட்டேனா?

---

ஒத்தைக்கண்_லூப் | இரவு 10:32

எண்ணிக்கை சரி. ஜன்னலின் வடிவம்தான் அப்படி. இரண்டு பக்கமும் வெளியே குவிந்த இரண்டு மேடுகள் நிலாவை மறைக்கின்றன, மறைக்கிற ஓரம் எப்போதும் வட்டத்தின் உள்ளே வளைந்தே போகும். மெல்லிய பிறைக்கு அது அழகாகப் பொருந்தும். அரை நிலாவுக்கு நேர்க்கோடு வராது. முக்கால் நிலாவுக்குச் சுத்தமாகப் பொருந்தாது, கடித்த தோசை மாதிரிதான் தெரியும். இந்த வகை ஜன்னலில் எவ்வளவு விலை கொடுத்தாலும் இதே கதைதான்.

உங்கள் தாளின்படி ஆபத்து நேரம் இரவு 9:30 முதல் காலை 5 வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். 3 மணிக்கு மேல் எது வேண்டுமானாலும் அழுத்தலாம் என்று நினைத்திருந்தால் நிலாவின் விரலில்தான் மாட்டியிருப்பீர்கள்.

---

சிட்னி_செல்வி | 22 மே, காலை 5:15

எங்கள் ஊரிலிருந்து ஒரு குறை. இங்கே வளர்பிறை இடது பக்கம் வெளிச்சமாக இருக்கும், வாட்ச் வலது பக்கம் காட்டுகிறது. கடையில் கேட்டால் வாட்சைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள் என்று சிரிக்கிறார்கள். ஜன்னலில் தட்டு இடமிருந்து வலமாகப் போகிறது, அதனால் நிலாவின் வலது ஓரம்தான் முதலில் எட்டிப் பார்க்கும். வடக்கில் இருப்பவர்களுக்காகச் செய்தது.

---

கும்பகோணம்_வெற்றிலை | காலை 6:40

நமக்கும் முழுசாகப் பொருந்தாது அம்மா. இங்கே மூன்றாம் பிறை ஓடம் மாதிரி மல்லாந்து கிடக்கும். வாட்சில் நிமிர்ந்து நிற்கிறது. ஐரோப்பாக்காரர் பார்த்த வானம் அது.

---

ராத்திரி12 | காலை 9:10

நிலா வைத்தாயிற்று. இன்னொன்று சேர்த்துக்கொள்ளுங்கள் மீனா, இது கண்டிப்பாகச் சரி. சாதாரண நிலாத் தட்டு இரண்டரை வருஷத்துக்கு ஒரு நாள் பிசகும். அப்போது பொத்தானை ஒரு தடவை கூடுதலாக அழுத்திவிட வேண்டும்.

---

கணக்கு_வாத்தியார் | காலை 9:42

பிசகும் என்பது சரி, எந்தப் பக்கம் என்பது தவறு.

தட்டில் இரண்டு நிலாக்கள், 59 பல். நாளுக்கு ஒரு பல் என்றால் ஒரு நிலாவுக்கு 29.5 நாள். உண்மையான மாதம் 29 நாள் 12 மணி 44 நிமிடம். அதாவது தட்டு ஒவ்வொரு மாதமும் 44 நிமிடம் முன்னதாகவே சுற்றை முடித்துவிடுகிறது. 1440 நிமிடத்தை 44-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 33 மாதம், சந்திர மாதக் கணக்கில். அது நம் கணக்கில் 2 வருஷம் 8 மாதத்துக்குப் பக்கம். அப்போது தட்டு ஒரு நாள் முந்தி நிற்கும், பிந்தி அல்ல. இன்னொரு தடவை அழுத்தினால் இரண்டு நாள் முந்திவிடும்.

பொத்தானுக்குப் பின்னால் போகத் தெரியாது. அதனால் ஒன்று 58 தடவை அழுத்த வேண்டும், இல்லாவிட்டால் வாட்சை ஒரு நாள் நிற்கவிட்டு, மறுபடி ஓட்டும்போது தேதியையும் நாளையும் மட்டும் திருத்தி நிலாவைத் தொடாமல் விட வேண்டும். இரண்டாவதுதான் சுலபம்.

---

ராத்திரி12 | காலை 9:50

ஆங்... 44 நிமிடம் மிச்சம் என்றால் பின்தங்கும் என்று நினைத்தேன். சரி வாத்தியாரே.

---

ஒத்தைக்கண்_லூப் | காலை 10:15

சரியான கணக்கு. தட்டை 135 பல்லோடு செய்து, நடுவில் சக்கரங்கள் சேர்த்து ஓட்டுகிற வாட்ச்கள் இருக்கின்றன, அவை 122 வருஷத்துக்கு ஒரு நாள்தான் பிசகும். ஆனால் நடுவில் ஒரு வாரம் நின்றுபோனால் அந்த 122 வருஷமும் காற்றோடு போச்சு, மறுபடி பொத்தான்தான்.

மீனா, பவர் ரிசர்வ் கேள்வியை மறக்கவில்லை. அதற்குப் பொத்தான் கிடையாது, திருத்துகிற காட்சியே இல்லை அது. ஸ்பிரிங் பெட்டிக்கு இரண்டு வழியாக அசைவு வருகிறது. சாவி கொடுக்கும்போது மேலே உள்ள ராட்செட் சக்கரம் சுற்றுகிறது, வாட்ச் ஓடும்போது பெட்டியே சுற்றுகிறது. இரண்டின் வித்தியாசத்தை எடுத்து முள்ளுக்குக் கொடுக்க ஒரு டிஃபரென்ஷியல் இருக்கும். சாவி கொடுத்தால் ஏறும், ஓடினால் இறங்கும். ஆட்டோமேட்டிக்கில் ஸ்பிரிங் நிறைந்த பிறகு அதன் வால் பெட்டிச் சுவரில் வழுக்கிக்கொண்டே இருக்கும், அதனால்தான் கையால் எவ்வளவு கொடுத்தாலும் "முட்டுகிற" உணர்வு வராது. முள்ளின் பாதையிலும் அதே மாதிரி உராய்வில் வழுக்கும் இணைப்பு ஒன்று வேண்டும், இல்லாவிட்டால் நிறைந்த பிறகு முள் கோட்டைத் தாண்டி ஓடும்.

20-ல் நிற்பதற்கு இரண்டு விதமான காரணம் இருக்கலாம். ஸ்பிரிங் உண்மையிலேயே பாதிதான் நிறைகிறது, அதாவது வால் சீக்கிரமே வழுக்குகிறது. அல்லது ஸ்பிரிங் நிறைந்துவிட்டது, முள்தான் பொய் சொல்கிறது. எது என்று வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். இரவு 9 மணிக்கு நாற்பது சுற்று சாவி கொடுத்து, மேஜையில் டயல் மேலே பார்த்தபடி வைத்து, நிற்கும் வரை தொடாதீர்கள். 2892-க்குச் சொல்லப்படும் கணக்கு 42 மணி நேரம்.

---

மீனா_மதுரை | 25 மே, ஞாயிறு, மாலை 4:30

வெள்ளி இரவு 9 மணிக்கு வைத்தேன் சார். இன்று வெளியே போய்விட்டு வந்து பார்த்தால் 11:40-ல் நின்றிருக்கிறது. நேற்று இரவு 11:40-ஆ இன்று காலை 11:40-ஆ என்று முதலில் குழம்பிவிட்டேன். நாள் முள் ஞாயிறு, தேதி 25. ஆகவே இன்று காலைதான். 38 மணி 40 நிமிடம் வருகிறது. பவர் ரிசர்வ் முள் 20-ல் ஆரம்பித்து, இப்போது 0-க்குக் கீழே ஓரத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது.

---

ஒத்தைக்கண்_லூப் | மாலை 5:05

நாளை வைத்துக் கண்டுபிடித்தது நன்றாக இருக்கிறது. 38 மணி 40 நிமிடம் என்றால் ஸ்பிரிங் நிறைகிறது. மாட்யூலும் சுமக்கிற, சர்வீஸ் ஆகி நாளாகிவிட்ட வாட்சுக்கு அது மோசமில்லை. பாதிதான் நிறைந்திருந்தால் 20 மணி சொச்சத்தில் நின்றிருக்கும். ஆகவே முள்தான் பொய் சொல்கிறது. அந்தக் குட்டி முள்ளைக் கழற்றிப் போட்டபோது யாரோ தப்பான இடத்தில் குத்தியிருக்கலாம், அல்லது அந்த உராய்வு இணைப்பு தளர்ந்து, முள் ஏற வேண்டிய இடத்தில் வழுக்குகிறது. கீழே போய் 0-க்கு அடியில் முட்டுவதைப் பார்த்தால் முதல் காரணம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

---

கணக்கு_வாத்தியார் | மாலை 5:30

எனக்கு அப்படித் தோன்றவில்லை. முள்ளைத் தப்பான இடத்தில் குத்தியிருந்தால் மேலும் கீழும் பயணம் அதே நீளமாக இருந்து, மொத்தமும் கீழே தள்ளிப் போயிருக்கும். 40 கோட்டு அளவில் 20 கோடு கீழே போக 0-க்கு அடியில் அவ்வளவு இடம் டயலில் ஏது? நடுவிலேயே முட்டி நின்றிருக்கும். மீனா, 20-லிருந்து 0-க்கு வர எவ்வளவு நேரம் ஆனது என்று பார்த்தீர்களா? பத்தொன்பது மணி நேரத்தில் 0-ஐத் தொட்டு, பிறகு மிச்ச நேரம் ஓரத்திலேயே வழுக்கியிருந்தால் லூப் சார் சொல்வது சரி. 38 மணி நேரமும் மெல்ல மெல்ல இறங்கியிருந்தால் இணைப்பு வழுக்குகிறது.

---

மீனா_மதுரை | மாலை 5:41

சனிக்கிழமை மாலை 5 மணி வாக்கில் பார்த்தபோது 0-க்குப் பக்கத்தில்தான் இருந்தது, அது நினைவிருக்கிறது. அப்போதே நின்றுவிடும் என்று நினைத்தேன், ஆனால் ஓடிக்கொண்டே இருந்தது.

---

ஒத்தைக்கண்_லூப் | மாலை 5:55

இருபது மணி நேரத்தில் 20 கோடு. அப்படியானால் இறங்கும்போது வேகம் சரி. வாத்தியார் கேட்டதும் நல்ல கேள்விதான். ஓரத்தில் முட்டிய பிறகு அவ்வளவு நேரம் வாட்ச் நிற்காமல் ஓடியிருக்கிறது என்றால் இணைப்பு அங்கே வழுக்கியிருக்கிறது. ஓரத்தில் வழுக்குவது அதன் வேலைதான். மறுபடி சாவி கொடுக்கும்போது 0-லிருந்து 20 வரை மட்டும் ஏன் ஏறுகிறது என்பதற்கு இங்கிருந்து பதில் சொல்ல முடியாது. டயலைக் கழற்றிப் பார்க்கிற வேலை அது. அதற்கென்று தனியாகத் திறக்க வேண்டாம், அடுத்த சர்வீஸில் சொல்லுங்கள். மாட்யூலைக் கழற்றித் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள், 2892-ஐச் சர்வீஸ் செய்பவர் எல்லோரும் மேலே இருக்கிற அடுக்கைத் தொடுவதில்லை.

அதுவரை ஒன்றை மட்டும் கவனியுங்கள். சாவி நிறைய இருந்தும் வாட்ச் எப்போதும் இரவு 11:30-க்கும் 3-க்கும் நடுவிலேயே நின்றால், ஸ்பிரிங்கைச் சந்தேகப்படாதீர்கள். காலண்டர் எங்கேயோ இறுகிப்போய் மெஷினைப் பிடித்து நிறுத்துகிறது என்று அர்த்தம். அப்போது உடனே கொண்டுபோங்கள்.

---

ராத்திரி12 | இரவு 7:20

இவ்வளவு தொல்லைக்கு ஒரு வைண்டர் பெட்டி வாங்கி அதில் போட்டுவிட்டால் நிலாவும் நிற்காது, நாளும் நிற்காது. என்ன சொல்றீங்க?

---

ஒத்தைக்கண்_லூப் | இரவு 7:45

கட்டாத வாட்சை வருஷம் முழுக்க ஓட்டி எண்ணெயையும் பல்லையும் தேய்ப்பதற்கு ஒரு பெட்டியா? எனக்கு உடன்பாடில்லை.

---

சிட்னி_செல்வி | 26 மே, காலை 6:05

நான் வைண்டர் கட்சி. வாரம் ஒரு தடவை இருபது முப்பது தடவை நிலாப் பொத்தானை அழுத்தினால் அந்த நெம்புகோல் தேயாதா? மீனா, அந்த 11:35, 12:10, 2:30, 3 மணிக் குறிப்பை முதல் பதிவிலேயே சேர்த்துவிடுங்கள், இதே மாட்யூல் வைத்திருப்பவர் யாராவது ஒப்பிட்டுப் பார்க்கலாம்.